வேலை நின்ற இடத்தில் ஒரு பக்கக் குறிப்பு

காவிரிப் படுகையில் வீடு கட்டுபவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் பெரும்பாலும் வேலை நின்றுபோகும் காலம். மழை விடுவதற்குள் மார்கழி வந்துவிடும். மார்கழியில் எதையும் தொடங்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பொங்கல் முடிந்து தை மாதம் மறுபடி ஆள் இறங்கும்போது மூன்று மாதம் ஓடியிருக்கும். அதற்குள் பழைய மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போயிருப்பார், கம்பி கட்டுகிறவர் மாறியிருப்பார். புதிதாக வந்தவர் நின்ற சுவரைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, “மாடிப்படி உள்ளேயா, வெளியேயா?”

அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதோ முடிவாகியிருக்கும். அந்த முடிவு எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். வாட்ஸ்அப் குழுவில் நானூறு செய்திகளுக்குக் கீழே, ஒரு குரல் பதிவில், காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அது கிடக்கும். தேடி எடுத்தாலும் சந்தேகம் தீராது. “வெளியே வைக்கலாம்” என்று ஒருவர் சொன்னது தெரியும். அதற்கு அடுத்த வாரம் அது மாறியதா என்பது தெரியாது.

வீடு கட்டுவது நீளமான உரையாடல். மாதக்கணக்கில், பல பேர், பல ஊர்களிலிருந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பக்கத்திலேயே ஒரு பக்க அளவில் ஒரு குறிப்பை வைத்து, பேச்சு நகர நகர அதையும் திருத்திக்கொண்டு வந்தால், வேலை எத்தனை மாதம் நின்றாலும் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் குறிப்பை எப்படி எழுதுவது என்பதை ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம்.

ஒரு வீடு, ஐந்து பேர்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். சுமார் 950 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டுவதாகத் திட்டம். பிறகு வசதி வரும்போது மாடி. வீட்டுக்காரர் கத்தாரில் வேலை பார்க்கிறார். மனைவி ஊரில் இருக்கிறார். தினமும் சைட்டுக்குப் போய்ப் பார்ப்பவர் மாமனார். இன்ஜினியர் வாரம் ஒரு முறை வருவார். ஐந்தாவது ஆள் மேஸ்திரி. இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட வீடுதான். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலும் வீடு கட்டியவர்களுக்குப் பழக்கமானது.

இந்த ஐந்து பேரும் மூன்று வாரம் பேசிய ஒரு விஷயம் மாடிப்படி. ஹாலுக்குள் படி வந்தால் வீட்டுக்கு அழகு என்று வீட்டுக்காரர் தொடங்கினார். இன்ஜினியர் கணக்குப் போட்டார். தரையிலிருந்து மாடித்தளத்தின் மேல்மட்டம் வரை 10 அடி. ஒரு படி 6 அங்குல உயரம் என்றால் 20 ஏற்றம். நடுவில் திரும்பும் படியாகப் பிரித்தால் பக்கத்துக்குப் பத்துப் பத்து. காலை வைக்கும் பலகை 10 அங்குலம் என்று கொண்டு, திரும்பும் இடத்துக்கு 3 அடி விட்டால், நீளம் மட்டும் பத்தரை அடி. அகலம் ஆறரை அடி. ஹாலே 16-க்கு 12 அடிதான்.

“மாப்பிள்ளை, ஹாலில் பாதி போயிடும். பிற்பாடு மாடியை வாடகைக்கு விட்டால், குடியிருப்பவர் நம்ம ஹால் வழியாகத்தானே ஏறணும்?” என்று மாமனார் கேட்டார். “இரும்பில் சுருள்படி வைத்தால் இடம் மிச்சம்தானே மாமா?” என்றார் வீட்டுக்காரர். “அதில் பீரோவும் கட்டிலும் ஏறாதே” என்று மனைவி எழுதினார். கடைசியில் தெற்குப் பக்கம் வெளியே கான்கிரீட் படி என்று முடிவானது. உடனே மேஸ்திரி ஒன்று சொன்னார்: “அப்படின்னா ரூப் போடும்போதே தெற்கு பீமிலிருந்து படிக்குக் கம்பி வெளியே விட்டுடணும் சார்.”

இந்தக் கடைசி வாக்கியம்தான் இந்த மூன்று வாரப் பேச்சின் உயிர். அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்றால், தை மாதம் புது ஆள் வந்து கம்பி விடாமல் ரூப் கான்கிரீட் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு பீமைத் துளைத்து, கெமிக்கல் ஊற்றிக் கம்பி பதிக்க வேண்டும். அது கூடுதல் செலவு. அதற்கென்று பழகிய ஆளும் வேண்டும்.

பேச்சிலிருந்து எதை எடுப்பது

மேலே சொன்ன உரையாடலைக் குறிப்பில் நான்கு வரியில் அடக்கிவிடலாம்:

மாடிப்படி: தெற்குப் பக்கம், வெளியே, கான்கிரீட். (செப்டம்பர் 22, ஐவரும் சரி சொன்னது)
ஏன்: உள்ளே வைத்தால் ஹாலில் 10½ × 6½ அடி போகும், மாடி பிறகு வாடகைக்கு.
வேண்டாம் என்றது: இரும்புச் சுருள்படி (பெரிய சாமான் ஏறாது).
செய்ய வேண்டியது: ரூப் கான்கிரீட்டுக்கு முன் தெற்கு பீமில் படிக்கான கம்பி விடுவது. கம்பி விவரம் வரைபடம் திருத்தம் 2-இல்.

யார் முதலில் சொன்னார், யார் மறுத்தார், எத்தனை நாள் இழுத்தது என்பதெல்லாம் இதில் இல்லை. முடிவு, காரணம், தள்ளப்பட்ட வழி, அதனால் செய்ய வேண்டிய வேலை என்ற நான்கு மட்டும் இருக்கின்றன.

முடிவை எழுதும் பலரும் காரணத்தை விட்டுவிடுகிறார்கள். காரணம் இல்லாத முடிவு மூன்று மாதத்துக்குப் பிறகு மறுபடி விவாதத்துக்கு வரும். விடுமுறைக்கு வரும் அண்ணன் “ஏன் உள்ளே வைக்கவில்லை?” என்று கேட்பார். பதில் யாருக்கும் நினைவிருக்காது, பேச்சு முதலிலிருந்து தொடங்கும். காரணம் எழுதியிருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. அந்தக் காரணமே மாறிவிட்டால், மாடியை வாடகைக்கு விடப்போவதில்லை என்று வைத்துக்கொள்வோம், முடிவையும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று அது காட்டிக்கொடுக்கும்.

வேண்டாம் என்று தள்ளியதை எழுதுவதும் அதே அளவு தேவை. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சுருள்படி யோசனை தோன்றும். ஏற்கெனவே பேசித் தள்ளியது என்று ஒரு வரி இருந்தால் அதோடு முடிந்துவிடும்.

கம்பியின் தடிமனையும் இடைவெளியையும் குறிப்பில் எழுதாமல் வரைபடத்தைச் சுட்டியிருப்பதைக் கவனியுங்கள். அளவு இரண்டு இடத்தில் இருந்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது பழையதாகவே நிற்கும். எது சரி என்று சைட்டில் யாருக்கும் தெரியாது. இன்ஜினியர் கணக்கிட்டுக் கொடுத்தவை வரைபடத்தில் மட்டும் இருக்கட்டும். எந்த வரைபடம், எத்தனையாவது திருத்தம் என்பதைக் குறிப்பு சொன்னால் போதும்.

முடியாத பேச்சுக்குக் கெடு

நீளமான பேச்சில் முடிவானவற்றைவிட முடிவாகாதவையே அதிகம் தொலைந்துபோகின்றன. நம் வீட்டில் வேலை நிற்கும்போது மூன்று கேள்விகள் தொங்கலில் இருந்தன. எந்தப் படுக்கையறையில் ஏசி? ஹாலில் ஃபேன் ஒன்றா, இரண்டா? மேலே தண்ணீர்த் தொட்டி எங்கே?

இவற்றுக்கு “நவம்பர் 30-க்குள்” என்று கெடு எழுதினால் பயனில்லை. வேலையே நின்றிருக்கும்போது தேதி கடந்து போகும், யாருக்கும் உறைக்காது. எந்த வேலைக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று எழுத வேண்டும். ரூப்பில் ஃபேன் பாக்ஸையும் ஒயர் போகும் பைப்பையும் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டும் கட்டத்திலேயே வைத்துவிட வேண்டும். கான்கிரீட் விழுந்த பிறகு அந்த வாய்ப்பு போய்விடும். ஆகவே ஃபேன் கேள்விக்குக் கெடு ரூப் கான்கிரீட். ஏசிக்குச் சுவரில் காடி எடுத்துப் பைப் பதிப்பது பூச்சு வேலைக்கு முன்னால் நடப்பது. அதனால் அந்தக் கேள்வி பூச்சு வரை பொறுக்கும்.

தண்ணீர்த் தொட்டிக் கேள்வி இன்னும் முன்னால் போக வேண்டும். 1,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன் எடை. அந்த எடை எங்கே உட்காரப்போகிறது என்பது தெரிந்தால்தான் அதன் கீழே பீம் போதுமா என்று இன்ஜினியர் பார்க்க முடியும். ஆகவே ரூப்புக்குக் கம்பி கட்டத் தொடங்கும் முன்பே இதற்கு விடை வேண்டும். இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் எதற்கு முன், யார் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் எழுதிவிட்டால், தை மாதம் அந்தப் பக்கத்தை எடுத்தவுடன் எதை முதலில் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எண்ணுக்கு ஊர் வேண்டும்

குறிப்பில் அளவு எழுதும்போது நடக்கும் பெரிய தவறு, எங்கிருந்து அளந்தது என்பதை விட்டுவிடுவது. “லிண்டல் 7 அடி” என்று எழுதினால் அது அரைகுறைத் தகவல். வேலை நடக்கும் வீட்டில் தரை இரண்டு உண்டு. ஒன்று இப்போது காலில் படும் பேஸ்மென்ட் கான்கிரீட். இன்னொன்று டைல்ஸ் ஒட்டிய பிறகு வரப்போகும் தரை. இரண்டுக்கும் நடுவில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 அங்குலம் வரும் என்று வைத்துக்கொள்வோம். முதல் மேஸ்திரி வரப்போகும் தரையைக் கணக்கில் வைத்து லிண்டல் போட்டார். புதியவர் காலடிக் கான்கிரீட்டிலிருந்து அளந்து சுவரை ஏற்றினால் ரூப் 3 அங்குலம் தாழ்ந்துவிடும். வெளிப்படிக்குப் போட்ட கணக்கும் அதோடு தப்பிப்போகும், ஒரு படி மட்டும் பாதி உயரத்தில் நிற்கும்.

இதற்காகத்தான் மேஸ்திரிகள் டியூப்பில் தண்ணீர் விட்டு லெவல் பார்த்துச் சுவரில் ஒரு கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டைக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்: “ஹால் வடக்குச் சுவரில் சிவப்புக் கோடு, டைல்ஸ் தரைக்கு மேல் 3 அடி. எல்லா உயரமும் இதிலிருந்து.” இனி லிண்டலின் அடிமட்டம் கோட்டுக்கு மேல் 4 அடி, மாடித்தளத்தின் மேல்மட்டம் கோட்டுக்கு மேல் 7 அடி. யார் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

அளந்து பார்த்ததையும் ஒருவர் சொன்னதையும் பிரித்து எழுதுவதும் இதைச் சேர்ந்ததே. “மேற்கு எல்லைக்கு 3 அடி விட்டிருக்கிறது (மேஸ்திரி சொன்னது, அளக்கவில்லை)” என்று எழுதினால், படிப்பவர் டேப்பை எடுப்பார். அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிட்டால் அந்த 3 அடி உண்மையாகிவிடும்.

மேலே அழிக்கலாம், கீழே அழிக்கக் கூடாது

குறிப்பில் இரண்டு பகுதிகள் வேண்டும். மேல் பகுதி இன்றைய நிலவரம். அதை ஒவ்வொரு முறையும் அழித்துப் புதிதாக எழுத வேண்டும். கீழ்ப் பகுதி முடிவுகளும் கேள்விகளும். அதில் எதையும் அழிக்கக் கூடாது. முடிவு மாறினால் பழையதன் மேல் ஒரு கோடு இழுத்து, கீழே தேதியோடு புதியதை எழுத வேண்டும்.

பொதுப்பணித் துறை வேலைகளில் ‘எம் புக்’ என்று சொல்லப்படும் அளவுப் புத்தகத்துக்கு இதே ஒழுங்கு உண்டு. அதில் எழுதிய அளவை அழிக்கக் கூடாது. தவறு என்றால் அடித்துவிட்டு, சரியானதை எழுதி, திருத்தியவர் சுருக்கொப்பம் இட வேண்டும். அந்தப் புத்தகத்தை நம்பித்தான் பணம் பட்டுவாடா ஆகிறது. நம் வீட்டுக் குறிப்புக்கு அவ்வளவு சட்ட பலம் கிடையாது, ஒப்பந்தத்துக்குப் பதிலாக அதைக் காட்டவும் முடியாது. ஆனாலும் கோடு இழுக்கும் பழக்கம் வேண்டும். அழித்து எழுதிய குறிப்பில், பழைய பேச்சு மட்டும் நினைவிலிருப்பவர் “நான் சொன்னது இது இல்லையே” என்பார். அடித்த வரி கண்ணில் பட்டால், மாறியது எப்போது, யார் சொல்லி என்று அவருக்கே விளங்கிவிடும்.

வேலை நிற்கும் அன்று மேல் பகுதி இப்படி இருக்கும்:

நிலவரம், அக்டோபர் 20. மழைக்காக நிறுத்தம்.
லிண்டல், சன்ஷேட் கான்கிரீட் அக்டோபர் 8. தண்ணீர் விட்டது 18 வரை.
லிண்டலுக்கு மேல் செங்கல் கட்டு: வடக்கு, கிழக்கு முடிந்தது. தெற்கு, மேற்கு தொடங்கவில்லை.
வெளியே நீட்டியிருக்கும் காலம் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசியாயிற்று (அக்டோபர் 19).
மிச்சம்: சிமென்ட் 12 மூட்டை, மாமா வீட்டு முன்னறையில். தை மாதம் ரூப்புக்கு இதை எடுக்க வேண்டாம்.
மறுபடி தொடங்கும்போது முதல் வேலை: சிவப்புக் கோட்டைச் சரிபார்த்து, தெற்குச் சுவர்.
முதலில் கேட்க வேண்டியது: தண்ணீர்த் தொட்டி இடம் (இன்ஜினியர், ரூப் கம்பிக்கு முன்).

சிமென்ட் வரிக்கு ஒரு விளக்கம். மூட்டையில் கிடக்கும் சிமென்ட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மெல்லப் பலம் இழக்கும். எந்த வாரம் தயாரானது என்று மூட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் ரூப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. அக்டோபரில் இது எல்லோருக்கும் தெரியும். தை மாதம் மூட்டைகளைப் பார்க்கும் புதியவருக்கு அவை வெறும் சிமென்ட்தான். “செய்ய வேண்டாம்” என்ற வரி இல்லாத நிலவரம் முழுமையானதல்ல.

குறிப்பு கெடுவது எப்படித் தெரியும்

முதல் அறிகுறி நீளம். ஒரு பக்கம் தாண்டி மூன்று பக்கமானால் அது நாட்குறிப்பாகிவிட்டது. “இன்று மேஸ்திரி வரவில்லை” போன்ற வரிகள் நாளைய வேலையை எந்த விதத்திலும் மாற்றாது. அவற்றை எடுத்துவிடலாம். செங்கல் கட்டு முடிந்ததும் அதைப் பற்றிய கேள்விகளையும் வேறொரு தாளுக்கு மாற்றிவிடலாம். பணக் கணக்கு தனி நோட்டில் இருக்கட்டும். இரண்டும் கலந்தால், கணக்கைக் காட்ட விரும்பாதவர் குறிப்பையும் காட்ட மாட்டார்.

இரண்டாவது அறிகுறி, ஒருவர் மட்டுமே குறிப்பைப் பார்ப்பது. மாமனார் தன் டைரியில் எழுதி வைத்திருந்தால் அது அவருடைய நினைவுதான். எழுதியவருக்குப் பிடித்த முடிவு தன்னையறியாமல் “முடிவானது” பக்கம் ஏறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறை திருத்தியதும் குழுவில் படம் எடுத்துப் போட்டு, மாறிய வரியை மட்டும் எழுதி, ஒவ்வொருவரும் “சரி” என்று பதில் தர வேண்டும். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எழுதக் கூடாது. கத்தாரில் இரவுப் பணியில் இருப்பவர் அந்தச் செய்தியைப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் பெயருக்கு எதிரே “பதில் வரவில்லை” என்று எழுதுவதே நேர்மை.

மூன்றாவது, குரல் பதிவு. மேஸ்திரிக்குத் தட்டச்சு செய்வதைவிடப் பேசுவது எளிது. அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் குரல் பதிவை வார்த்தை போட்டுத் தேடி எடுக்க முடியாது. அதில் ஒரு முடிவு வந்தால் அன்றே ஒரு வரியாகக் குறிப்பில் ஏறிவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் அந்த வாரத்துப் பேச்சில் அது கரைந்துவிடும்.

குறிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இந்தப் பேச்சில் கலந்துகொள்ளாத ஒருவரிடம், பக்கத்து வீட்டுக் கொத்தனாராகவும் இருக்கலாம், அந்தப் பக்கத்தைக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். நாளைக் காலை முதல் வேலை என்ன? எதைச் செய்யக் கூடாது? யாரிடம் எதைக் கேட்க வேண்டும்? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் குறிப்பு தேறிவிட்டது. எங்கே அவர் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

இந்தச் சோதனையை வேலை நிற்கும் அன்றே செய்துவிட வேண்டும். அன்றைக்கு விடுபட்டதை நிரப்ப எல்லோரும் பக்கத்தில் இருக்கிறார்கள். தை மாதம் விடுபட்டது தெரிந்தால் யாரைக் கேட்பது? வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்று மாலையே ஒரு தாளை எடுத்து நிலவரம், முடிவுகள், கேள்விகள் என்று மூன்று தலைப்புப் போடுங்கள். குழுவின் கடைசி இரண்டு வாரப் பேச்சிலிருந்து நினைவிருப்பதை எழுதி, மேஸ்திரி கிளம்புவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள்.